வெயில் ஊரில் குளிர்க் காணாக்கடி

சிங்கப்பூருக்கு வந்தபின் உடம்பில் தடிப்பு எழும்பினால் நம்மவர்கள் முதலில் குறை சொல்வது இறாலை, அடுத்து இங்குள்ள தண்ணீரை. குளிரைச் சந்தேகிப்பவர்கள் குறைவு. ஆண்டு முழுவதும் வியர்க்கும் ஊரில் குளிர் எங்கே இருந்து வரும்?

அண்மையில் வேலைக்கு வந்த ஒரு தம்பியின் கதை இது. வியர்வையோடு ரயிலேறி, குளிர்காற்று விழும் இடத்தில் நிற்பார். இறங்கி வெயிலுக்கு வந்த சில நிமிடங்களில் முன்கையும் கழுத்தும் அரித்துத் தடிக்கும். சட்டைக்குள் ஒன்றும் இருக்காது. ஒரு மணி நேரத்தில் சுவடே தெரியாது. மழையில் நனைந்தாலும் இதே கதை. இறாலை நிறுத்தியும் தீரவில்லை. காற்றும் தண்ணீரும் பட்ட இடம் மட்டும் தடித்ததுதான் துப்பு. குளிர் பட்ட தோல் இப்படி அரித்துத் தடிப்பதுதான் குளிர்க் காணாக்கடி. ஈரத் தோலில் காற்று பட்டால் தோல் இன்னும் வேகமாகக் குளிர்கிறது. அப்போது தோலிலுள்ள மாஸ்ட் செல்கள், அரிப்பையும் வீக்கத்தையும் உண்டாக்கும் ஹிஸ்டமினை வெளிவிடுகின்றன; தோல் மறுபடி சூடாகும்போது தடிப்பு நன்றாகத் தெரியும். வெயிலில் வியர்க்கும்போதே பொடிப்பொடியாக எழும்பினால் அது வேறு வகைக் காணாக்கடி.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஆனால் குளிர் பட்டு மூச்சுத்திணறலோ, தொண்டை வீக்கமோ, மயக்கமோ ஒரு முறையாவது வந்தவர்கள் இதைத் தொடவே வேண்டாம். நேரே மருத்துவரிடம் செல்லுங்கள். மற்றவர்களும் தனியாக இருக்கும்போது செய்யாதீர்கள்.

ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையில் ஐஸ் கட்டியோடு கொஞ்சம் தண்ணீரும் ஊற்றுங்கள். ஐஸை வெறுமனே வைத்தால் தோல் பொசுங்கக்கூடும். பையை முன்கையின் உட்புறத்தில் 5 நிமிடம் வைத்து எடுத்துவிட்டு, 10 நிமிடம் காத்திருங்கள். வெறும் சிவப்பு எல்லோருக்கும் வரும், அது கணக்கில்லை. பை இருந்த இடம் அதே வடிவில் மேடாக எழும்பி அரித்தால்தான் குளிர்க் காணாக்கடி. படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவரைப் பார்ப்பதற்குள் அது மறைந்துவிடும்.

சோதனைக்கு முந்தின நாள் செடிரிசின் போன்ற அலர்ஜி மாத்திரை போட்டிருந்தால் தடிப்பு எழும்பாமல் போகலாம். குறைந்தது 3 நாள் இடைவெளி வேண்டும். மாத்திரை இல்லாமலும் சிலருக்குக் கை தடிப்பதில்லை. உடம்பு முழுவதும் குளிர்ந்தால்தான் எழும்பும். எனவே ஒன்றும் வரவில்லை என்பதால் நோய் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

தடித்தால், வீட்டருகே உள்ள கிளினிக்கில் படத்தைக் காட்டுங்கள். பெரும்பாலும் தூக்கம் வரவழைக்காத அலர்ஜி மாத்திரையில்தான் தொடங்குவார்கள். தேவைப்பட்டால் தேசியத் தோல் நிலையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள்.

அடுக்குமாடி வளாகத்து நீச்சல் குளம்தான் உண்மையான ஆபத்து. உடம்பு முழுவதும் ஒரே நேரத்தில் குளிர்ந்தால் ரத்த அழுத்தம் சரிந்து, தண்ணீருக்குள்ளேயே மயங்க நேரலாம். மருத்துவர் சரி என்னும்வரை குளத்தில் இறங்காதீர்கள். ஐஸ் கச்சாங்கில் உதடோ நாக்கோ வீங்கினால் அதையும் விட்டுவிடுங்கள். மூச்சு அடைத்தால் உடனே 995-ஐ அழைத்து ஆம்புலன்ஸ் கேளுங்கள்.