6 என்றால் ஆறாவது கார்ட் இல்லை: ஃபிகர்ட் பேஸ் படிக்கும்போது நேரும் தவறுகள்

இத்தாலிய இசையமைப்பாளர் கொரெல்லியின் ஓபஸ் 5 வயலின் சொனாட்டாக்கள் 1700-இல் அச்சில் வந்தன. அவற்றில் இரண்டே வரிகள்தான்: மேலே வயலின், அடியில் பேஸ். பேஸ் சுரங்களோடு சில எண்கள், இடையிடையே ஷார்ப், ஃப்ளாட் குறிகள். இப்படி எண்களோடு எழுதிய பேஸ்தான் ஃபிகர்ட் பேஸ். ஹார்ப்சிகார்டுக்காரர் அந்த பேஸை இடக்கையால் வாசித்து, எண்களைப் பார்த்து வலக்கைக்கு வேண்டியதை அங்கேயே அமைத்துக்கொள்வார். கண்டினுவோ வாசிப்பது என்பது இதுதான். விதிகள் கொஞ்சமே. ஆனால் இன்றைக்குக் கீபோர்டில் கார்ட் பழகிவிட்டு இங்கே வருகிறவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததே வினையாகிவிடுகிறது.

சி என்ற பேஸ் சுரத்துக்கு 6 போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கீபோர்டு பழகியவர் உடனே சி-ஈ-ஜி-ஏ வாசிப்பார், ஏனென்றால் பாட்டுப் புத்தகத்தில் சி சிக்ஸ் கார்டுக்கு அதுதான் பொருள். ஃபிகர்ட் பேஸில் எண் கார்டின் பெயரைச் சொல்லுவதில்லை. பேஸிலிருந்து மேலே எத்தனையாவது சுரம் என்பதை மட்டும் சொல்லுகிறது. பேஸையும் சேர்த்தே எண்ண வேண்டும், ‘இன்றைக்கு எட்டாம் நாள்’ என்று சொல்லும்போது இன்றையும் சேர்த்து எண்ணுகிறோமே, அதுபோல. சி-யிலிருந்து ஆறாவது ஏ. கூடவே மூன்றாவது, அதாவது ஈ, எழுதாமலே வரும். ஐந்தாவதான ஜி வரக் கூடாது, ஏனென்றால் 6 மட்டும் வந்தாலே 5 விலகிவிட்டது என்று அர்த்தம். ஆக சி-ஈ-ஏ.

இப்படி எழுதாமல் விடுவதிலும் ஒரு வழக்கம் உண்டு. எண்ணே இல்லையென்றால் 5-ம் 3-ம். 6 மட்டும் இருந்தால் 6-ம் 3-ம். 6-ன் கீழே 5 இருந்தால் 6, 5, 3 மூன்றும். முதல் சில வாரங்களுக்கு இவ்வளவு போதும்.

இனி ஒரு சின்ன பேஸ் வரியை எடுத்துக்கொள்வோம். டி மைனர், கீ சிக்னேச்சரில் ஒரே ஒரு பி ஃப்ளாட். பேஸ் டி, ஈ, எஃப், ஜி, ஏ என்று படிப்படியாக ஏறி மறுபடி டி-க்கு இறங்குகிறது. முதல் டி-க்கு எண் இல்லை. ஈ-க்கு வாலில் குறுக்குக் கோடு போட்ட 6. எஃப்-க்கு வெறும் 6. ஜி-க்கு 6, அதன் கீழே 5. ஏ-க்கு 4, அதைத் தொடர்ந்து வலப்பக்கம் தனியாக ஒரு ♯. கடைசி டி-க்கு மறுபடி ஒன்றும் இல்லை.

ஈ-யிலேயே முதல் சறுக்கல். 6-ன் மேல் இருக்கும் கோட்டை அச்சுப் பிழையாக நினைத்து ஈ-ஜி-சி வாசித்துவிடுவார்கள். இனிமையாகவே ஒலிக்கும், அதுதான் ஆபத்து: அது ஒழுங்கான சி மேஜர் கார்ட் என்பதால் காது எச்சரிக்காது. அந்தக் கோடு ஆறாவதை அரைச் சுரம் உயர்த்தச் சொல்லுகிறது. ஆக சி ஷார்ப். அது வந்தால்தான் அடுத்து டி-யை நோக்கிய இழுப்பு கிடைக்கும். சில பதிப்புகளில் கோட்டுக்குப் பதில் 6-ன் பக்கத்தில் ♯ இருக்கும், பொருள் ஒன்றுதான்.

ஜி-யில் வேறொரு மறதி. எழுதாமல் வரும் மூன்றாவது சுரம் கீ சிக்னேச்சருக்குக் கட்டுப்பட்டது, ஆகவே பி இல்லை, பி ஃப்ளாட். பழைய அச்சுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு: நேச்சுரல் குறிக்குப் பதிலாக ஷார்ப்பை நீக்க ஃப்ளாட்டும், ஃப்ளாட்டை நீக்க ஷார்ப்பும் போட்டிருப்பார்கள். குறியை அப்படியே உயர்த்து, தாழ்த்து என்று எடுத்துக்கொள்ளாமல் கீ சிக்னேச்சரோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் ஏ. 4-ஐயும் ♯-ஐயும் சேர்த்து ‘ஷார்ப் நான்கு’ என்று படித்து டி ஷார்ப் வாசிப்பார்கள். நானும் முதல் முறை அதைத்தான் செய்தேன், பக்கத்தில் செல்லோ வாசித்தவர் வில்லை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். உண்மையில் அவை இரண்டு தனித்தனிக் கட்டளைகள், ஒன்றன்பின் ஒன்றாக நடப்பவை. முதலில் 4, அதாவது டி, கூட 5 என்ற ஈ. பிறகு எண் இல்லாத ♯, அது எப்போதும் மூன்றாவது சுரத்தையே குறிக்கும்: சி ஷார்ப். டி காத்திருந்து சி ஷார்ப்புக்கு இறங்குகிறது. இதில் இன்னொரு கண்ணி: ‘மூன்றாவது எப்போதும் உண்டுதானே’ என்று 4 ஒலிக்கும்போதே சி ஷார்ப்பையும் சேர்த்து அழுத்துவது. அப்படிச் செய்தால் வர வேண்டிய சுரம் முன்கூட்டியே வந்துவிடும், காத்திருப்புக்கே பொருள் இல்லாமல் போகும்.

சரி, சுரங்கள் தெரிந்தாகிவிட்டது, வலக்கையில் எப்படி அடுக்குவது? 6 மேலேயும் 5 கீழேயும் அச்சாகியிருப்பதால் விரல்களையும் அதே வரிசையில் வைக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். எண்களின் அடுக்குக்கும் கையின் அடுக்குக்கும் தொடர்பு இல்லை. எது பக்கத்தில் இருக்கிறதோ, எது முந்தைய கார்டிலிருந்து அப்படியே நிற்க முடியுமோ, அதுவே இடத்தை முடிவுசெய்யும். நம் வரியில், கீழிருந்து மேலாக, இப்படி வாசிக்கலாம்: டி-க்கு எஃப்-ஏ-டி, ஈ-க்கு ஈ-ஜி-சி ஷார்ப், எஃப்-க்கு டி-ஏ-டி, ஜி-க்கு ஈ-பி ஃப்ளாட்-டி, ஏ-க்கு ஈ-ஏ-டி, அப்புறம் மேலே உள்ள டி மட்டும் சி ஷார்ப்புக்கு இறங்கும், கடைசியில் எஃப்-ஏ-டி.

மேல் விரல் டி-யையும் சி ஷார்ப்பையும் விட்டு நகரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். எஃப்-இல் வந்த டி ஜி-க்கும் ஏ-க்கும் அப்படியே நிற்கிறது. ஜி-யின் மேல் 6-க்கு அருகில் உரசும் 5 அந்த டிதான். முந்தைய கார்டிலேயே ஒலித்துவிட்டதால் அந்த உரசல் திடீரென்று வந்து இடிப்பதில்லை.

பேஸ் படியேறும்போது வலக்கையும் கூடவே ஏறுவதுதான் கையின் இயல்பு. முதல் டி-க்கு எஃப்-ஏ-டி வாசித்துவிட்டு கையையும் கூடவே மேலே நகர்த்தி ஜி-சி ஷார்ப்-ஈ அழுத்திப் பாருங்கள். பேஸ் டி-யிலிருந்து ஈ-க்குப் போகிறது, மேல் விரலும் டி-யிலிருந்து ஈ-க்கே போகிறது. இரண்டு குரல்கள் ஒரே குரலாகச் சுருங்கிவிடும். இதற்குத்தான் பேஸ் ஏறினால் வலக்கையை இறக்குவது. ஐயம் வந்தால் பேஸை வாசித்துக்கொண்டே மேல் விரலின் சுரத்தை வாயால் பாடுங்கள். பேஸையே ஒரு எட்டு மேலே பாடிக்கொண்டிருப்பதாகத் தோன்றினால் அங்கேதான் பிழை.

அதே வரிசையில் வருவது எல்லா பேஸ் சுரத்துக்கும் கார்ட் அடிக்கும் பழக்கம். பேஸ் வேகமாக டி-ஈ-எஃப்-ஜி என்று ஓடும்போது இடையில் உள்ளவை பெரும்பாலும் கடந்துபோகும் சுரங்கள்தான், முதல் சுரத்தின் கார்டைப் பிடித்துக்கொண்டால் போதும். எண்ணே இல்லையென்றால் 5-ம் 3-ம் என்று மேலே சொன்னதை இங்கே கண்ணை மூடிக்கொண்டு பொருத்தக் கூடாது. எண்ணின் அருகிலிருந்து ஒரு கிடைக்கோடு நீண்டால் முந்தைய கார்டையே தொடரச் சொல்லுகிறார்கள். ‘தாஸ்தோ சோலோ’ என்று எழுதியிருந்தால் வலக்கையை மடியில் வைத்துவிட்டு பேஸை மட்டும் வாசிக்க வேண்டும்.