வியாழனின் பாதையில் முன்னும் பின்னும் ஓடும் ட்ரோஜன் சிறுகோள்கள்: படம் வரைந்து, கணக்குப் போட்டுப் பார்ப்போம்

வியாழன் சூரியனை ஒருமுறை சுற்றிவர 11.86 ஆண்டுகள் ஆகின்றன. அதே பாதையில், வியாழனுக்கு ஏறக்குறைய 60 டிகிரி முன்னால் ஒரு கூட்டமும் 60 டிகிரி பின்னால் இன்னொரு கூட்டமுமாகச் சிறுகோள்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. இதுவரை கண்டுபிடிக்கப்பட்டவையே பத்தாயிரத்துக்கு மேல். முதலாவதை 1906-இல் ஹைடல்பெர்கில் மாக்ஸ் வோல்ஃப் கண்டுபிடித்தார். அதற்கு அகிலிஸ் என்று பெயர். அதன் பிறகு ட்ரோஜன் போரின் வீரர்களாகப் பார்த்துப் பெயர் வைத்தார்கள்: முன்னால் ஓடுவது கிரேக்கர் அணி, பின்னால் வருவது ட்ராய் அணி. இந்தப் பிரிவினை வழக்கத்துக்கு வருமுன்பே பெயர் சூட்டப்பட்டதால் ட்ராயின் ஹெக்டர் கிரேக்கர் நடுவிலும், கிரேக்கனான பட்ரோக்ளஸ் ட்ராய் பக்கத்திலும் மாட்டிக்கொண்டார்கள்.

வியாழன் தன் ஈர்ப்பால் இவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அது பாதி உண்மைதான். அந்த 60 டிகிரி இடத்திலிருந்து வியாழன் எவ்வளவு தூரமோ, சூரியனும் அவ்வளவே தூரம்: சுமார் 77.8 கோடி கிலோமீட்டர். அங்கே இழுத்துப் பிடிக்க எந்தப் பொருளும் இல்லை. அப்படியானால் எது நிறுத்துகிறது? ஒரு தாள், அடிக்கோல், கவராயம் போதும். கடைசிப் படிகளுக்கு மட்டும் பைத்தான் உள்ள கணினி வேண்டும்.

படி 1: முக்கோணம் வரையுங்கள்

தாளின் இடப்பக்கம் ஒரு புள்ளி வைத்து சூரியன் என்று எழுதுங்கள். அதற்கு நேர் வலப்பக்கம் 10 செ.மீ. தள்ளி வியாழன். கவராயத்தை 10 செ.மீ. விரித்து இரண்டு புள்ளிகளிலிருந்தும் மேல்பக்கம் வில் வரைந்தால், வெட்டும் இடத்தில் சிறுகோள். இப்போது மூன்று பக்கங்களும் சமம். எல்லாம் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றுகின்றன என்று வைத்துக்கொண்டால், இந்தச் சிறுகோள் வியாழனுக்கு முன்னால் ஓடுகிறது. தாளின் கீழ்ப்பக்கம் இதே முக்கோணத்தை வரைந்தால் அது பின்னால் வருவது.

அடுத்து ஒரு முக்கியமான புள்ளி. வியாழன் சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்னாலும், உண்மையில் இரண்டுமே தங்கள் பொது நிறைமையத்தைத்தான் சுற்றுகின்றன. சூரியனின் நிறை வியாழனைப்போல் ஏறத்தாழ 1047 மடங்கு. ஆகவே அந்த மையம் சூரியனின் நடுப்புள்ளியிலிருந்து சுமார் 7.4 லட்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. சூரியனின் ஆரமே 6.96 லட்சம் என்பதால், மையம் சூரியனுக்குச் சற்று வெளியே விழுகிறது. இதே விகிதத்தில் வரைந்தால் தாளில் கண்ணுக்குத் தெரியாது. படத்துக்காக மட்டும் நிறைகளை 9-க்கு 1 என்று வைத்துக்கொள்வோம். அப்போது மையம் சூரியனிலிருந்து வியாழன் பக்கமாக 1 செ.மீ. தள்ளி வரும். அங்கே ஒரு புள்ளி வையுங்கள்.

படி 2: இரண்டு இழுப்புகளையும் கூட்டுங்கள்

சிறுகோளிலிருந்து இரண்டும் ஒரே தூரத்தில் இருப்பதால், இழுப்பு நிறையை மட்டுமே பொறுத்தது. சூரியனின் இழுப்பு 9 செ.மீ., வியாழனின் இழுப்பு 1 செ.மீ. சிறுகோளிலிருந்து சூரியனை நோக்கி 9 செ.மீ. கோடு இழுங்கள். அது முடியும் இடத்திலிருந்து, சிறுகோள்–வியாழன் பக்கத்துக்கு இணையாக, வியாழன் இருக்கும் திசையில் 1 செ.மீ. இழுங்கள்.

பென்சில் முனை எங்கே வந்து நிற்கிறது? சரியாக அந்த மையப் புள்ளியில். நிறை விகிதத்தை 4-க்கு 1 என்று மாற்றி வரைந்தாலும் இதேதான் நடக்கும். திசை மட்டுமல்ல, நீளமும் பொருந்துகிறது: மொத்த இழுப்பு, மையம் வரையிலான தூரத்துக்கு நேர்விகிதம். ஒரே கோண வேகத்தில் வட்டமிடும் பொருளுக்குத் தேவையானது அதே அளவு இழுப்புதான். ஆகவே சிறுகோளும் வியாழனும் ஒரே காலத்தில் சுற்றி முடிக்கின்றன, முக்கோணமும் கலையாமல் சுழல்கிறது. 1772-இல் கணித அறிஞர் லாக்ராஞ்சு கண்ட தீர்வு இதுதான்.

படி 3: சிறுகோளை 10 டிகிரி நகர்த்திப் பாருங்கள்

இதுவரை பார்த்தது சமநிலை மட்டும்தான். கத்தி முனையில் நிற்பதும் சமநிலைதானே! சற்று விலகினால் என்ன ஆகும் என்பதே கேள்வி.

படத்தை மீண்டும் பாருங்கள். சூரியனின் இழுப்பு சூரியனை நோக்கிப் போகிறது, மையத்தை நோக்கி அல்ல. மையத்தை வைத்துப் பார்த்தால் அந்த இழுப்பு இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. மேலே இருக்கும் சிறுகோள் ஓடுவதும் இடப்பக்கம்தான். ஆக, சூரியன் அதைக் கொஞ்சம் முன்னால் தள்ளுகிறது. வலப்பக்கம் இருக்கும் வியாழன் பின்னால் இழுக்கிறது.

60 டிகிரியில் வியாழனின் மொத்த இழுப்பை 1 என்று கொண்டு, உண்மையான நிறைகளுக்குக் கணக்கிட்டால், அங்கே முன்னால் தள்ளுவதும் பின்னால் இழுப்பதும் இரண்டும் 0.87. ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுகின்றன. 70 டிகிரிக்கு விலகினால் வியாழன் தூரமாகிவிடுகிறது: பின்னிழுப்பு 0.62 ஆகக் குறைகிறது, சூரியனின் முன்தள்ளல் 0.94 ஆகக் கூடுகிறது. 50 டிகிரிக்கு நெருங்கினால் பின்னிழுப்பு 1.27, முன்தள்ளல் 0.77.

இங்கேதான் பலருக்குக் குழப்பம் வரும். 70 டிகிரியில், ஏற்கெனவே அதிகமாக முன்னால் போய்விட்ட சிறுகோள் மேலும் முன்னால் தள்ளப்படுகிறது. 50 டிகிரியில், வியாழனை நெருங்கிவிட்ட சிறுகோள் மேலும் வியாழன் பக்கம் இழுக்கப்படுகிறது. அப்படியானால் கூட்டம் கலைந்துவிட வேண்டாமா?

படி 4: சுற்றுப்பாதையின் தலைகீழ்க் கணக்கு

கலையாது, ஏனென்றால் சுற்றுப்பாதையில் ஓடும் பொருளை முன்னால் தள்ளினால் அது முந்திக்கொண்டு போவதில்லை. தள்ளுவதால் ஆற்றல் கூடுகிறது, ஆற்றல் கூடினால் பாதை பெரிதாகிறது, பெரிய பாதையைச் சுற்றிவர அதிகக் காலம் ஆகிறது. ஆகவே 70 டிகிரியில் முன்னால் தள்ளப்பட்ட சிறுகோள் வெளிப்பக்கம் நகர்ந்து, மெதுவாகி, வியாழனை நோக்கிப் பின்தங்கத் தொடங்குகிறது. 60-ஐத் தாண்டி 50 பக்கம் வந்ததும் வியாழனின் பின்னிழுப்பு ஓங்குகிறது. இப்போது ஆற்றல் குறைகிறது, பாதை சுருங்குகிறது, சிறுகோள் வேகமெடுத்து வியாழனை விட்டு முன்னால் ஓடுகிறது. பிறகு மறுபடியும் 70.

வியாழனின் பின்னால் வரும் கூட்டத்துக்கும் இதே கணக்கைத் திசை மாற்றிப் போடலாம்.

விசைகள் மிகச் சிறியவை என்பதால் இந்த ஊசலாட்டம் ஆமை வேகத்தில் நடக்கிறது. 60 டிகிரிக்கு அருகில் ஒரு முழு ஊசலுக்குச் சுமார் 148 ஆண்டுகள். வீச்சு பெரிதானால் இன்னும் கூடும். அகிலிஸைக் கண்டுபிடித்து இன்னும் அவ்வளவு காலம் ஆகவில்லை!

படி 5: 26 சுற்றுகள் ஓட்டிப் பாருங்கள்

கீழே உள்ளதை `trojan.py` என்று சேமித்து `python trojan.py` என்று ஓட்டுங்கள். கூடுதல் நூலகம் எதுவும் வேண்டாம். சூரியன்–வியாழன் தூரம் 1, மொத்த நிறை 1, அதில் வியாழனின் பங்கு `m`, வியாழனின் ஒரு சுற்று 2π என்று அலகுகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன். வியாழன் வட்டப் பாதையில் போவதாகவும், சிறுகோளுக்கு நிறை இல்லை என்றும் வைத்துக்கொள்கிறோம்.

```python
from math import *

m = 1/1048
a = radians(70)

def acc(x, y, t):
    ax = ay = 0
    for M, r in ((1-m, -m), (m, 1-m)):
        dx = r*cos(t) - x
        dy = r*sin(t) - y
        d3 = (dx*dx + dy*dy)**1.5
        ax += M*dx/d3
        ay += M*dy/d3
    return ax, ay

x, y = cos(a) - m, sin(a)
vx, vy = -y, x
N = 1000
h = 2*pi/N
t = 0
for n in range(26*N + 1):
    if n % N == 0:
        print(n//N, round(degrees(atan2(y, x+m)), 1))
    ax, ay = acc(x, y, t)
    vx += ax*h/2
    vy += ay*h/2
    x += vx*h
    y += vy*h
    t += h
    ax, ay = acc(x, y, t)
    vx += ax*h/2
    vy += ay*h/2
```

வியாழன் ஒவ்வொரு முறை புறப்பட்ட இடத்துக்கு வரும்போதும், அதற்குச் சிறுகோள் எத்தனை டிகிரி முன்னால் இருக்கிறது என்று ஒரு வரி அச்சாகும். 70-இல் தொடங்கும் எண் மெல்லக் குறைந்து, ஆறாவது சுற்றை ஒட்டி 51 பக்கம் வந்து, பிறகு ஏறி, பன்னிரண்டு, பதின்மூன்றாவது சுற்றில் மறுபடி 70-ஐத் தொடும். முதலில் ஒரு சோதனை செய்துகொள்வது நல்லது: 70-க்குப் பதில் 60 கொடுத்தால் எல்லா வரியிலும் 60 வர வேண்டும். வராவிட்டால் `- m` எங்கோ விட்டுப்போயிருக்கும்.

அப்புறம் 40 கொடுத்துப் பாருங்கள். அது 80-இல் திரும்பாது. ஏறக்குறைய 89 வரை போய்த்தான் திரும்பும். வியாழனின் பக்கம் விசை கூர்மையாக ஏறுகிறது, மறுபக்கம் தளர்வாக இருக்கிறது. அதனால்தான் நிஜக் கூட்டங்களும் ஒரு புள்ளியில் குவியாமல் பாதை நெடுக நீண்டு கிடக்கின்றன. தொடக்கக் கோணம் 24-க்குக் கீழே போனால் நிலைமை மாறிவிடும்: 20 கொடுத்தால் சிறுகோள் 180-ஐயும் தாண்டி, சூரியனுக்கு அந்தப்பக்கமாகச் சுற்றி, பின்னால் இருக்கும் கூட்டத்தின் இடத்துக்குள் நுழைந்துவிடும். அப்போது எண்கள் எதிர்க்குறியில் வரும்.

படி 6: சமநிலையைக் கெடுத்துப் பாருங்கள்

படி 4-இல் ஒரு நிபந்தனை ஒளிந்திருந்தது. விசை மெதுவாக வேலைசெய்ய வேண்டும். பாதை மாறி, வேகம் மாறி, சிறுகோள் திரும்பிவர அவகாசம் இருக்க வேண்டும். கோள் பெரிதாகப் பெரிதாக அந்த அவகாசம் குறைகிறது. சூரியனின் நிறை கோளைப்போல் ஏறத்தாழ 25 மடங்குக்குக் குறைந்தால், அதாவது `m` 0.0385-ஐத் தாண்டினால், தலைகீழ்க் கணக்கு எடுபடாது.

கோணத்தை 61 ஆக்கி, `m = 0.02` என்று ஓட்டுங்கள்: எண்கள் 60-ஐச் சுற்றியே ஆடும். அதையே `m = 0.05` என்று மாற்றுங்கள். வீச்சு ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய மூன்று மடங்காகப் பெருகி, சில சுற்றுகளிலேயே எண்கள் தாறுமாறாகிவிடும். நாம் தாளில் வரைந்த 9-க்கு 1 முக்கோணமும் இந்த வகைதான்: சமநிலை உண்டு, நீடிக்காது.

தாறுமாறானது இயற்பியலாலா, கணக்குப் பிழையாலா என்று சந்தேகம் வந்தால் `N`-ஐ 4000 ஆக்கி மறுபடி ஓட்டுங்கள். முதல் சில வரிகள் அப்படியே இருந்தால், சிறுகோள் உண்மையிலேயே ஓடிவிட்டது. அதன்பிறகு, கோளுக்கு மிக அருகில் போய்வந்த பின் வரும் வரிகளை நம்பவேண்டாம்; அங்கே சின்ன வித்தியாசமும் பெரிதாகிவிடும்.