கடன் மலிவுதான், ஆனால் எவ்வளவு மலிவு? மூலதனக் கிரயத்தைக் கணக்கிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வங்கி 12 சதவீதத்துக்குக் கடன் தருகிறது. பங்குதாரர் தன் பணத்துக்கு 20 சதவீதம் எதிர்பார்க்கிறார். அப்படியென்றால் பங்கைக் குறைத்துக் கடனைக் கூட்டக் கூட்ட மொத்தச் செலவு இறங்கிக்கொண்டே போக வேண்டுமே? கொழும்பில் கடன் விண்ணப்பத்துக்கோ விரிவாக்கத் திட்டத்துக்கோ கணக்குப் போடும் பலர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். அந்த வாதத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. எவ்வளவு என்பதை ஒரு கற்பனைக் கம்பனியை வைத்து அளந்து பார்க்கலாம்.

பேலியகொடையில் அட்டைப் பெட்டி செய்யும் ஒரு தனியார் கம்பனி. கடன் எதுவும் இல்லை. வட்டிக்கும் வரிக்கும் முன் ஆண்டுக்கு 50 மில்லியன் ரூபாய் இலாபம் வருகிறது, இனியும் அதே அளவு வரும் என்று வைத்துக்கொள்வோம். வருமான வரி 30 சதவீதம் என்பதால் 15 மில்லியன் வரிக்குப் போய் 35 மில்லியன் மிஞ்சுகிறது. இந்தத் தொழிலின் ஆபத்துக்குப் பங்குதாரர்கள் 20 சதவீதம் கேட்கிறார்கள். 35 ஐ 0.20 ஆல் வகுத்தால் கம்பனியின் பெறுமதி 175 மில்லியன்.

இப்போது பங்காளிகளில் ஒருவர் விலக விரும்புகிறார். கம்பனி 12 சதவீத வட்டிக்கு 50 மில்லியன் கடன் எடுத்து அவருடைய பங்குகளை வாங்கிவிடுகிறது. (2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி, பங்கை மீள வாங்குமுன் கம்பனி தன் கடன்களை இறுக்கும் நிலையில் இருக்கிறதா என்று பணிப்பாளர்கள் சோதித்தாக வேண்டும். அது தனிக் கதை.) கேள்வி இதுதான்: நிறையேற்றிய சராசரி மூலதனக் கிரயம், வங்கிக்காரர் பேச்சில் 'வாக்', இனி எவ்வளவு?

```
WACC = E/V × Re + D/V × Rd × (1 − T)
Re   = Ru + (Ru − Rd) × (1 − T) × D/E
```

E பங்கின் பெறுமதி, D கடன், V இரண்டும் சேர்ந்தது. Re பங்கின் கிரயம், Rd கடனின் வட்டி வீதம், T வரி வீதம். Ru என்பது கடனே இல்லாவிட்டால் பங்குதாரர் கேட்கும் வீதம். இங்கே அது 20 சதவீதம்.

முதல் தவறு: பங்கின் கிரயத்தை அசையாமல் வைத்திருப்பது

அவசரக் கணக்கு இப்படிப் போகும். 175 இல் 50 கடன், மீதி 125 பங்கு. பங்குக்கு 20 சதவீதம், கடனுக்கு வரி நீக்கி 8.4 சதவீதம். நிறையேற்றிப் பார்த்தால் வாக் 16.7 சதவீதம். ஒரே கையெழுத்தில் மூலதனச் செலவு 3.3 புள்ளி இறங்கிவிட்டது போலத் தெரியும்.

கடன் வந்தபின் பங்குதாரரின் நிலை பழையபடி இல்லை. ஆண்டுக்கு 6 மில்லியன் வட்டி முதலில் வங்கிக்குப் போய்விட வேண்டும், வியாபாரம் நடந்தாலும் நடக்காவிட்டாலும். ஏற்ற இறக்கம் முழுவதையும் இப்போது முன்னிலும் சிறிய பங்குத் தொகை தாங்குகிறது. தாங்குபவர் கூடுதல் வருமானம் கேட்பார், அந்தக் கூடுதல்தான் இரண்டாவது சூத்திரத்தில் இருப்பது.

சரியான வரிசை இது. முதலில் கம்பனியின் புதிய பெறுமதி: கடனில்லாத 175 உடன், வட்டியால் மிச்சமாகும் வரியின் பெறுமதியைக் கூட்ட வேண்டும். கடன் நிலையாக இருக்குமென்றால் அது 50 இல் 30 சதவீதம், அதாவது 15 மில்லியன். மொத்தம் 190. கடன் 50 போக, பங்கின் பெறுமதி 140. அடுத்து பங்கின் கிரயம்: 20 + (20 − 12) × 0.7 × 50/140, விடை 22 சதவீதம். சரிபார்க்க வேறொரு வழியும் உண்டு. 50 இலாபத்தில் 6 வட்டி போனால் 44, அதில் வரி 13.2, மிச்சம் 30.8. இதை 140 ஆல் வகுத்தாலும் அதே 22 சதவீதம். இரண்டு வழியும் ஒத்துவரவில்லையென்றால் எங்கோ பிழை விட்டிருக்கிறீர்கள்.

இப்போது வாக்: 140/190 × 22 உம் 50/190 × 8.4 உம் சேர்ந்து 18.4 சதவீதம். இறங்கியது உண்மைதான், ஆனால் 3.3 புள்ளி அல்ல, 1.6 புள்ளி. 17 சதவீதம் வருமானம் தரும் ஒரு இயந்திரத் திட்டம் மேசைக்கு வந்தால் பிழையான கணக்கு 'வாங்கு' என்கிறது, சரியான கணக்கு 'விடு' என்கிறது.

அந்த 1.6 புள்ளியும் எங்கிருந்து வந்தது? முழுக்க வரியிலிருந்துதான். வரியே இல்லாத உலகில் இதே கம்பனியைப் பாருங்கள். 50 ஐ 0.20 ஆல் வகுத்தால் பெறுமதி 250. கடன் 50, பங்கு 200. வட்டி போக 44 மிஞ்சும், ஆகவே பங்கின் கிரயம் 22 சதவீதம். வாக் = 0.8 × 22 + 0.2 × 12 = 20. ஒரு புள்ளிகூட இறங்கவில்லை. பொருளியலாளர்களான மொடிக்லியானி, மில்லர் இருவரும் 1958 இல் காட்டியது இதைத்தான். வரியின் பங்கைச் சரியாகச் சேர்த்துத் தங்கள் கணக்கை அவர்களே 1963 இல் திருத்தினார்கள். கடனின் மலிவு என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதியைப் பங்குதாரர் ஆபத்தாகச் சுமக்கிறார், உண்மையான மிச்சம் இறைவரித் திணைக்களத்துக்குப் போகாமல் நின்ற பணம்.

ஆகவே அந்த மிச்சத்துக்கும் நிபந்தனை உண்டு. வரி செலுத்தும் அளவுக்கு இலாபம் இல்லாத ஆண்டில் கடனின் கிரயம் அந்த ஆண்டுக்கு 8.4 அல்ல, 12 சதவீதத்தை நெருங்கும். 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் நிதிச் செலவைக் கழிப்பதற்கு ஓர் எல்லையும் வைத்திருக்கிறது. கடன் பெரிதாக இருக்கும் கம்பனிகள் 30 சதவீதத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பெருக்கக் கூடாது.

இரண்டாவது தவறு: ஐந்தொகையில் இருக்கும் எண்களை நிறையாக எடுப்பது

கணக்காய்வு செய்த ஐந்தொகை கையில் இருக்கிறது, அதில் பங்கு மூலதனமும் ஒதுக்கங்களும் 50 மில்லியன், கடன் 50 மில்லியன். அரைக்கு அரை. அதை வைத்தால் வாக் = 0.5 × 22 + 0.5 × 8.4 = 15.2 சதவீதம். இது முதல் தவறைவிட மோசம். காணி வாங்கிய காலத்து விலையிலேயே ஏட்டில் கிடக்கலாம். வாடிக்கையாளரைப் பிடித்து வைத்திருக்கும் பெறுமதி ஏட்டில் ஏறுவதேயில்லை. பங்குதாரர் 22 சதவீதம் கேட்பது 140 மில்லியன் பெறுமதிக்கு, ஏட்டில் உள்ள 50 க்கு அல்ல.

கொழும்பு பங்குச் சந்தையில் பட்டியலான கம்பனி என்றால் பங்கு விலையைப் பங்குகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் போதும். பட்டியலிடாததற்கு மேலே செய்தது போல, இலாபத்திலிருந்து பெறுமதிக்குப் போக வேண்டும். பட்டியலான ஒத்த கம்பனிகளின் பீட்டாவை, அதாவது சந்தை அசையும்போது பங்கு எவ்வளவு அசைகிறது என்ற அளவை, எடுத்து Ru ஐக் கணிக்கிறவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். அந்தப் பீட்டாவில் அந்தக் கம்பனிகளின் கடன் ஏற்கெனவே கலந்திருக்கிறது, அதைக் கழற்றிவிட்டுத்தான் உங்கள் கடனைச் சேர்க்கலாம். அடுத்தது, நாள்கணக்கில் கைமாறாத பங்குகளின் பீட்டா உண்மையைவிடக் குறைவாகத் தெரியும்.

கடன் வீதத்திலும் இதே குழப்பம் நடக்கிறது. ஆண்டின் நிதிச் செலவை ஆண்டு முடிவு மீதியால் வகுத்து 'வட்டி வீதம்' என்று எழுதுவார்கள். மார்ச் 31 க்கு முன் மேலதிகப் பற்றைக் கட்டி மீதியை 40 ஆக்கியிருந்தால் 6 மில்லியன் வட்டி 15 சதவீதமாகத் தெரியும். வேண்டியது, இன்று புதிதாகக் கேட்டால் வங்கி என்ன வீதம் சொல்லும் என்பது மட்டுமே.

மூன்றாவது தவறு: வரிச் சலுகையை இரண்டு தடவை எண்ணுவது

எக்ஸல் தாளில் மிக எளிதாக நேர்வது இது. வாக்கில் ஏற்கெனவே (1 − T) இருக்கிறது, வரி மிச்சம் அங்கே எண்ணப்பட்டுவிட்டது. ஆகவே காசுப் பாய்ச்சலில், கடனே இல்லாதது போல வரியைக் கழிக்க வேண்டும்: 50 − 15 = 35. அதை 18.42 சதவீதத்தால் வகுத்தால் 190, கணக்கு நேராகிறது. உண்மையில் கட்டிய வரியான 13.2 ஐக் கழித்து 36.8 ஐப் போட்டால் விடை ஏறக்குறைய 200 வரும். இல்லாத 10 மில்லியன்.

வட்டியும் போன 30.8 ஐ வாக்கால் வகுப்பவர்களும் உண்டு. வரும் 167 மில்லியன் கம்பனியின் பெறுமதியும் அல்ல, பங்கின் பெறுமதியும் அல்ல. பங்குதாரருக்குரிய பாய்ச்சலுக்குப் பங்கின் கிரயம்தான் ஜோடி: 30.8 ஐ 22 சதவீதத்தால் வகுத்தால் 140.

நான்காவது தவறு: வட்டி நிலையாக நிற்கும் என்று நம்புவது

இவ்வளவு நேரமும் 12 சதவீதம் அசையாது என்று வைத்துக்கொண்டோம். இங்கே பெரும்பாலான கம்பனிக் கடன்கள் அப்படி எழுதப்படுவதில்லை. மத்திய வங்கி வாரந்தோறும் வெளியிடும் சராசரி நிறையேற்றப்பட்ட முதன்மைக் கடன்வழங்கல் வீதம், அதற்கு மேல் இத்தனை புள்ளி என்றுதான் கடிதத்தில் இருக்கும். வீதம் 9, மேலதிகம் 3, ஆக 12. 2022 தொடக்கத்தில் அந்த முதன்மை வீதம் ஒற்றை இலக்கத்தில் இருந்தது. ஆண்டு முடிவதற்குள் 25 சதவீதத்தைத் தாண்டியது.

லெவரேஜ், அதாவது கடனால் பங்குதாரரின் ஏற்ற இறக்கம் பெருகுவது, என்ன செய்யும் என்பதை நம் கம்பனியில் பாருங்கள். கெட்ட ஆண்டில் இலாபம் 50 இலிருந்து 30 க்கு, அதாவது 40 சதவீதம், விழுகிறது. கடன் இல்லாவிட்டால் பங்குதாரரின் இலாபமும் அதே 40 சதவீதம்தான் விழும். 12 சதவீதக் கடனோடு 30.8 இலிருந்து 16.8 க்கு, 45 சதவீதம். பாடப்புத்தக லெவரேஜ் இங்கே 50/44, வெறும் 1.14 மடங்கு, பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் முதன்மை வீதம் 25 க்கு ஏறி வட்டி 28 சதவீதமானால் 14 மில்லியன் வட்டி, 16 மில்லியன் மிச்சம், வரி போக 11.2. வீழ்ச்சி 64 சதவீதம். இலாபம் வட்டியைத் தாங்கும் மடங்கு 8.3 இலிருந்து 2.1 க்கு வந்துவிடுகிறது. வியாபாரம் படுக்கும் காலமும் வட்டி ஏறும் காலமும் இங்கே ஒன்றாக வந்ததை 2022 இல் பார்த்தோம், 1.14 என்ற எண்ணில் அது தெரியவே தெரியாது.

ஆகவே கடன் அளவைத் தீர்மானிக்கும்போது வாக்கை ஒரே ஒரு வட்டியில் கணக்கிட்டு நிறுத்தாமல், பக்கத்துப் பத்தியில் முதன்மை வீதத்தை 25 ஆகவும் இலாபத்தை 30 ஆகவும் போட்டு வட்டியைத் தாங்கும் மடங்கைப் பாருங்கள். கடன் உடன்படிக்கையில் வங்கி கேட்கும் குறைந்தபட்ச மடங்குக்குக் கீழே அது போனால், 15 மில்லியன் வரி மிச்சத்தைப் பேசுவதற்கு முன் கடன் தொகையைக் குறைக்க வேண்டும், அல்லது நிலையான வீதத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுக்கச் சம்மதிக்க வேண்டும்.