‘அவன் மனசுல என்ன இருக்கு?’: டாரோ கேள்வியைத் திருப்பும்போது நடக்கும் தவறுகள்

பெங்களூரில் டாரோ கார்டு பார்க்கும் தமிழ் ரீடர்களிடம் வரும் கேள்விகளில் பெரும்பாலானவை எதிரே இல்லாத ஒருவரைப் பற்றியவை. அவன் என்ன நினைக்கிறான், மாமியாருக்கு என் மேல் என்ன கோபம், மேனேஜர் மனதில் என்ன ஓடுகிறது என்றுதான் கேட்பார்கள். நம் ஆட்களுக்கு இது இயல்பான எதிர்பார்ப்பு. ஜோசியத்தில் பிரசன்னம் பார்க்கும்போது ஏழாம் பாவத்தை வைத்து எதிராளியைப் பற்றிச் சொல்லும் வழக்கம் உண்டு. அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் டாரோவிலும் அதையேதான் கேட்பார்கள்.

பொறுப்பாகக் கார்டு பார்ப்பவர்கள் இந்தக் கேள்வியை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. காரணம் எளிது. இல்லாத ஆளின் மனதைப் பற்றி என்ன சொன்னாலும், சரியா தவறா என்று அந்த மேசையில் யாராலும் பார்க்க முடியாது. அந்த ஆள் சம்மதிக்கவும் இல்லை. ஆகவே கேட்பவர் தானே செய்யக்கூடிய ஒன்றைப் பற்றியதாகக் கேள்வியைத் திருப்புவார்கள். ஆனால் பலர் வாக்கியத்தை மட்டும் மாற்றிவிட்டுக் கேள்வியை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

ஒரு மாதிரிக் கேஸை எடுத்துக்கொள்வோம். மாரத்தஹள்ளியில் பிஜியில் தங்கி வேலை பார்க்கும் 27 வயதுப் பெண். கூட வேலை பார்த்தவரோடு இரண்டு வருடப் பழக்கம். அவர் ஹைதராபாத்துக்கு மாறிப் போனபின் பேச்சு குறைந்தது. கடைசி மூன்று வாரமாக மெசேஜுக்குப் பதில் ஒற்றைச் சொல்லில் வருகிறது. இவள் கேட்பது இதுதான்: “அக்கா, அவன் மனசுல நான் இன்னும் இருக்கேனா? அத மட்டும் பாத்துச் சொல்லுங்க.”

‘நான்’ என்று தொடங்கினால் போதும் என்று நினைப்பது

“அவன் என்னிடம் திரும்பி வர நான் என்ன செய்ய வேண்டும்?” பெரும்பாலான ரீடர்கள் இப்படித்தான் திருப்புகிறார்கள். ‘நான்’ வந்துவிட்டது, ‘செய்ய’ வந்துவிட்டது. ஆனால் கேள்வி இன்னும் அவன் கையில்தான் இருக்கிறது. பதில் சரியாக இருந்ததா என்பது அவன் வருகிறானா இல்லையா என்பதில் முடிகிறது. “அவன் கோபத்தைக் குறைக்க நான் எப்படி நடந்துகொள்ளட்டும்?” என்பதும் அதே வகை. இதில் இன்னொரு கெடுதல், அவனுடைய நடத்தைக்கு இவளைப் பொறுப்பாளி ஆக்குகிறது.

மாற்றிய கேள்வியைச் சோதிக்க ஒரு வழி உண்டு. அந்த ஆள் இனிமேல் பதிலே போடவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலை வைத்து அவள் நாளைக்கு ஏதாவது செய்ய முடியுமா? முடியாது என்றால் கேள்வி திரும்பவில்லை. மேலே சொன்ன இரண்டும் இந்த இடத்தில் விழுந்துவிடும்.

எதற்காகக் கேட்கிறாள் என்று கேட்காமல் மாற்றுவது

கேள்வியைக் கேட்டதும் “அப்படிக் கேட்கக் கூடாதும்மா, உன்னைப் பத்திக் கேளு” என்று பாடம் எடுப்பது இன்னொரு தவறு. அவள் முகம் சுருங்கும், ஏதோ ஒரு பொதுவான கேள்விக்குத் தலையாட்டுவாள். கடைசி ஐந்து நிமிடத்தில் பழைய கேள்வி “சும்மா ஒரு கார்டு மட்டும் எடுங்களேன்” என்று திரும்ப வந்து நிற்கும்.

அரை மணி நேர ரீடிங்கில் முதல் ஐந்து முதல் ஏழு நிமிடத்தை, கார்டைத் தொடாமல், கேள்விக்காகவே ஒதுக்க வேண்டும். கேட்க வேண்டியவை மூன்றே. கடைசியாக என்ன நடந்தது? அவன் மனசு தெரிந்துவிட்டால் நீ என்ன செய்வாய்? அதை எப்போதுக்குள் முடிவு செய்ய வேண்டும்? நடுவில் உள்ளதுதான் உயிரான கேள்வி. பெரும்பாலும் அதற்குப் பதிலாகத்தான் உண்மையான விஷயம் வெளியே வரும்.

நம் கேஸில் அது இப்படி வருகிறது: “தெரிஞ்சா அம்மாகிட்ட சொல்லிடுவேன். சேலத்துல ஒரு ஜாதகம் பொருந்தியிருக்கு, ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வரட்டுமான்னு கேக்குறாங்க.” ஆக, அவள் எடுக்க வேண்டிய முடிவு அவன் மனதைப் பற்றியதே இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் அம்மாவுக்கு என்ன சொல்வது என்பதுதான். அவன் மனசு தெரிந்தால் அந்த முடிவைத் தான் எடுக்க வேண்டியிருக்காது என்று அவள் எதிர்பார்க்கிறாள்.

இந்த நேரத்தில்தான் பலர் போனை நீட்டுவார்கள்: “அவன் போட்டோ இருக்கு, டேட் ஆஃப் பர்த் சொல்லட்டுமா?” வாங்காதீர்கள். போட்டோவைப் பார்த்துவிட்டால் அதன் பிறகு எந்தக் கார்டு வந்தாலும் இருவரும் அந்த முகத்தைத்தான் அதில் தேடுவீர்கள். “வேண்டாம்மா, நீ இங்க இருக்கியே, அது போதும்” என்று சொன்னாலே கேள்வி பாதி திரும்பிவிடும்.

முடிவைக் கார்டிடம் ஒப்படைக்கும் கேள்வி

“நான் அவனை விட்டுடணுமா?” என்பது அவளைப் பற்றியதுதான், மேலே சொன்ன சோதனையிலும் தேறும். ஆனாலும் தவறு. ‘ஆமா, இல்லை’ என்று முடியும் கேள்விக்கு 78 கார்டில் எது வந்தாலும் யாராவது ஒருவர் அதை ஆமாவாகவோ இல்லையாகவோ ஆக்கியாக வேண்டும். அந்த வேலையை ரீடர் செய்துவிடுவார். பிறகு “அக்கா சொன்னாங்க, விட்டுட்டேன்” என்று ஆகும்.

‘எதை’, ‘எப்படி’, ‘என்ன விலை கொடுத்து’ என்று கேட்கும் கேள்விகள் நிற்கும். அவளுக்கு இப்படி அமைக்கலாம்: “ஞாயிற்றுக்கிழமைக்கு முன் அம்மாவிடம் பேச, நான் எதைத் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும்?” இதில் கெடு இருக்கிறது, பேசப் போகும் ஆள் இருக்கிறார், செய்பவள் அவளே. ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மேசையில் வைத்துவிடுங்கள், அவள் கையெழுத்திலேயே இருந்தால் இன்னும் நல்லது. பின்னால் தேவைப்படும்.

கேள்வி மாறியும் ஸ்ப்ரெட் மாறாமல் இருப்பது

இது அனுபவமுள்ளவர்களுக்கும் நேரும். கேள்வியை அழகாகத் திருப்பிவிட்டு, கை பழக்கத்தில் ‘நீ, அவன், உறவு’ என்ற மூன்று கார்டு ஸ்ப்ரெட்டைப் போட்டுவிடுவார்கள். நடுக் கார்டு மறுபடி அவன் மனதாகிவிடும், அதுவரை செய்த வேலை வீண். பத்துக் கார்டு செல்டிக் கிராஸிலும் எட்டாம் இடத்தைப் பலர் ‘சுற்றியிருப்பவர்கள்’ என்று வாசிப்பது வழக்கம். அந்த இடம் பின்கதவு மாதிரி, அவன் அந்த வழியாக உள்ளே வந்துவிடுவான். அதைச் ‘சூழல்’ என்று முன்பே சொல்லி வைக்கலாம். இந்தக் கேள்விக்கு அந்த ஸ்ப்ரெட்டே தேவையில்லை என்பது என் கருத்து.

மூன்று இடம் போதும். முதலாவது, எனக்கு உறுதியாகத் தெரிந்தது எது, நான் ஊகிப்பது எது. இரண்டாவது, இன்னும் காத்திருந்தால் எனக்கு என்ன ஆகிறது. மூன்றாவது, நான் பேசினால் எப்படிப் பேசுவது. கலைப்பதற்கு முன் இடங்களின் பெயரை உரக்கச் சொல்லிவிட வேண்டும். கார்டு விழுந்த பிறகு இடத்துக்குப் பெயர் வைத்தால் ஆசைதான் பெயர் வைக்கும்.

வந்தவை இவை என்று வைத்துக்கொள்வோம்: டூ ஆஃப் ஸ்வார்ட்ஸ், டூ ஆஃப் கப்ஸ், குவீன் ஆஃப் ஸ்வார்ட்ஸ். 1909-இல் வந்த ரைடர் டெக்கில் பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த படங்களை வைத்தே பார்க்கலாம், இன்று பெரும்பாலானோர் கையில் இருப்பது அதுவோ அதன் வழி வந்ததோதான்.

முதல் இடத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டு இரண்டு வாளை மார்பின் குறுக்கே பிடித்தபடி ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். உறுதியாகத் தெரிந்தது எது என்று கேட்ட இடத்தில் இது வந்தால், அவளையே இரண்டு வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள். தெரிந்தது: மூன்று வாரமாக ஒற்றைச் சொல் பதில், அவன் பிரிவதாகச் சொல்லவில்லை, இவளும் நேராகக் கேட்கவில்லை. ஊகம்: அவனுக்கு வேலை அதிகம், வேறு யாரோ இருக்கலாம், வீட்டுக்குப் பயப்படுகிறான். ஊக வரிசை எவ்வளவு நீளம் என்பதை அவளே பார்த்துக்கொள்வாள்.

இரண்டாம் கார்டில்தான் வழுக்கும். டூ ஆஃப் கப்ஸில் ஓர் ஆணும் பெண்ணும் எதிரெதிரே கோப்பை ஏந்தி நிற்கிறார்கள். அதைப் பார்த்ததும் அவள் கண் விரியும், ரீடர் வாயில் “பாரு, அவனுக்கும் ஆசை இருக்கு” என்பது தானாக வரும். அடக்கிக்கொள்ள வேண்டும். சீட்டைக் காட்டி, இடத்தின் பெயரை மறுபடி படியுங்கள்: காத்திருந்தால் எனக்கு என்ன ஆகிறது. அந்த இடத்தில் இந்தப் படம், அவள் எதற்காகக் காத்திருக்கிறாள் என்பதைச் சொல்கிறது. இரண்டு பக்கமும் கொடுத்து வாங்கும் உறவுக்காக. அடுத்த கேள்வி: “இந்த மாதிரி இருந்த கடைசி நாள் எது?” அவள் யோசித்து ‘தீபாவளி சமயம்’ என்கிறாள் என்றால், அதற்குப் பிறகு காத்திருப்பது பழைய நாளுக்காக என்பது அவள் வாயிலேயே வந்துவிடும். அவன் மனதைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லத் தேவைப்படவில்லை.

மூன்றாவது, வாளை நிமிர்த்திப் பிடித்து மறுகையை நீட்டியிருக்கும் ராணி. கோர்ட் கார்டு 16-இல் எது வந்தாலும் “இது யாரோ ஒருத்தங்க” என்று ஆள் தேடுவது பழக்கம். “இது அவங்க அம்மாவா இருக்குமோ?” என்று அவளே கேட்பாள். இடத்தின் பெயர் ‘நான் எப்படிப் பேசுவது’ என்பதால், இது அவள் எடுக்க வேண்டிய தொனி: சுருக்கமாக, நேராக, கையை நீட்டியபடி. நடைமுறையில் அவனுக்கு ஒரே மெசேஜ்: “எங்க வீட்டுல வரன் பாக்குறாங்க. நாம எங்க இருக்கோம்னு வெள்ளிக்கிழமைக்குள்ள பேசணும்.” அவன் பேசினாலும் பேசாவிட்டாலும் சனிக்கிழமை அவள் அம்மாவுக்குப் போன் செய்வாள். அவன் பதில் போடாததும் இந்த ஏற்பாட்டில் அவளுக்குப் பயன்படும் ஒரு தகவல்தான்.

இதோடு நிறுத்த வேண்டும். தெளிவுக்காக என்று இன்னொரு கார்டு, அதற்கு மேல் இன்னொன்று என எடுக்க ஆரம்பித்தால், பிடித்த பதில் வரும்வரை எடுப்பதாக முடியும். எடுத்தே ஆக வேண்டும் என்றால், அதற்கும் முதலில் பெயர் சொல்லி எடுங்கள்.

திருப்பவே கூடாத கேள்விகள்

சில கேள்விகளுக்கு மேசையில் வேலையே இல்லை. “ஓனர் அட்வான்ஸைத் திருப்பித் தருவாரா?” என்பதற்கு வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் படிக்கச் சொல்வதுதான் பதில். “அவருக்கு உடம்புக்கு என்ன?” என்பதற்கு டாக்டர். “அவர் எப்போ கை ஓங்குறதை நிறுத்துவார்?” என்று ஒருத்தி கேட்டால், அதை “நான் எப்படிப் பொறுமையாக இருப்பது” என்று திருப்புவது இந்த முறையின் மிக மோசமான பயன்பாடு. கார்டை மூடிவிட்டு, பெண்களுக்கான 181 உதவி எண்ணைக் கொடுங்கள். உடனடி ஆபத்து என்றால் 112.

எவ்வளவு சொன்னாலும் திரும்பாதவர்களும் வருவார்கள். “எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம், அவன் மனசு மட்டும் தெரியணும்” என்பவரிடம் பாதி மனதோடு கார்டு எடுப்பதைவிட, இதை நான் பார்ப்பதில்லை என்று சொல்லிக் காசைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். புக்கிங் எடுக்கும்போதே வாட்ஸ்அப்பில் ‘இல்லாதவர் மனதைப் பார்ப்பதில்லை, நீங்கள் எடுக்க வேண்டிய முடிவு ஒன்றை எழுதி அனுப்புங்கள்’ என்று ஒரு வரி போட்டுவிட்டால், இந்தத் தர்மசங்கடம் பெரும்பாலும் வராது.