ரௌட்டரில் சொருகிய ஹார்ட் டிஸ்க் ஏன் இழுக்கிறது? பழைய லேப்டாப்பே போதும்

ரௌட்டரின் பின்னால் யூஎஸ்பி துளை இருக்கிறதே என்று எங்கள் பெங்களூரு வீட்டில் ஹார்ட் டிஸ்கைச் சொருகி வைத்திருந்தேன். 4 ஜிபி படம் ஒன்றை அதில் ஏற்ற எட்டு நிமிடத்துக்கு மேல் ஆனது. அதாவது நொடிக்கு 8 எம்பிதான். அதே டிஸ்க் நேராக லேப்டாப்பில் 100 எம்பி வேகத்தில் ஓடுகிறது.

முதலில் வைஃபையை அணைத்துவிட்டு, லேன் வயரில் இணைத்து காப்பி செய்து பாருங்கள். வேகம் ஏறினால் தடை வைஃபையில். ஏறாவிட்டால் பெரும்பாலும் ரௌட்டரின் பிராசஸர்தான் திணறுகிறது. இணையத்தைக் கடத்திவிடப் பல ரௌட்டர்களில் தனிச் சிப்பு உதவும்; டிஸ்கைப் படித்துப் பகிரும் வேலையோ முழுக்கச் சின்ன பிராசஸர் தலையில். டிஸ்க் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் ஃபார்மட்டில் இருந்தால் சுமை இன்னும் கூடும்.

வீட்டு நெட்வொர்க்கில் ஃபைல் பகிரவென்றே விற்கும் நாஸ் பெட்டியைத் தனியாக வாங்கச் சொல்ல மாட்டேன். சும்மா கிடக்கும் விண்டோஸ் லேப்டாப்பை ரௌட்டரோடு வயரில் இணையுங்கள். டிஸ்கை அதில் சொருகுங்கள். ஸ்லீப் ஆகாதபடி வையுங்கள். நெட்வொர்க் வகை Private என்று இருக்கட்டும். ரௌட்டர் அமைப்பில் அந்த லேப்டாப்புக்கு ஒரு நிலையான ஐபி ஒதுக்குங்கள்.

பலரும் சிக்கிக்கொள்ளும் இடம் அடுத்தது. வேறு கணினியிலிருந்து ஃபோல்டரைத் திறந்தால் பாஸ்வேர்ட் கேட்கும். தினமும் லேப்டாப் திறக்கப் போடும் பின் நம்பரை இங்கே போட்டால் ஏற்காது. அது அந்த லேப்டாப்புக்குள் மட்டுமே செல்லும். அதனால் பகிர்வதற்கென்றே ஒரு யூசரை உருவாக்கிவிடுவதுதான் நல்லது. அந்த லேப்டாப்பில் கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினாகத் திறந்து, D:\Padam என்ற இடத்தில் உங்கள் டிஸ்கின் எழுத்தையும் ஃபோல்டர் பெயரையும் போட்டு:

```
net user veedu * /add
icacls D:\Padam /grant veedu:(OI)(CI)M
net share Padam=D:\Padam /grant:veedu,change
```

முதல் வரி பாஸ்வேர்ட் கேட்கும். தட்டும்போது திரையில் எதுவும் தெரியாது, பயப்பட வேண்டாம். இரண்டாம் வரி ஃபோல்டருக்கான அனுமதி, மூன்றாம் வரி பகிர்வுக்கான அனுமதி. இரண்டில் ஒன்று விட்டுப்போனாலும் உள்ளே போக முடியாமல் போகலாம், அல்லது ஃபைல் தெரிந்தும் எழுத முடியாமல் போகலாம்.

அப்புறம் மற்ற கணினியின் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் `\\192.168.1.20\Padam` என்று, லேப்டாப்புக்கு நீங்கள் ஒதுக்கிய ஐபியைப் போட்டுத் திறக்கலாம். போனில் படம் பார்க்க எனக்குப் பிடித்தது விஎல்சி. வேறு எதையும் நிறுவ வேண்டாம்.

பின்சேர்க்கை: இதையெல்லாம் செய்தும் 11 எம்பியைத் தாண்டவில்லை என்று நண்பர் ஒருவர் கேட்டார். அந்த எண்ணைப் பார்த்தாலே தெரியும், எங்கோ 100 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பு இருக்கிறது; எட்டு பிட் ஒரு பைட் என்பதால் 12 எம்பி அளவுதான் அதன் எல்லை. விண்டோஸில் ஈதர்நெட் பக்கத்தில் Link speed என்ற வரியைப் பாருங்கள். 100/100 என்றிருந்தால் முதலில் வயரை மாற்றுங்கள். உள்ளே ஒரு கம்பி அறுந்தாலும் வேகம் இப்படி இறங்கிவிடும். பெங்களூரு எஸ்பி ரோட்டுக் கடைகளில் கேட் 6 வயர் தாராளமாகக் கிடைக்கிறது. மாற்றியும் 1000 வரவில்லையா? ரௌட்டரின் லேன் துளையோ லேப்டாப்பின் துளையோ 100-க்கு மேல் போகாத வகை. அவர் வீட்டில் ரௌட்டர்தான் அப்படி. சின்ன கிகாபிட் ஸ்விட்ச் ஒன்றை வாங்கி இரண்டு கணினிகளையும் ரௌட்டரையும் அதில் சொருகியதும் ஃபைல்கள் ரௌட்டர் பக்கமே போகாமல் நேராகப் பாய்கின்றன.