'எக்செல் தெரியும்' என்பவருக்கு இருபது நிமிடச் சோதனை

பிவட் டேபிள், லுக்கப், மாத அறிக்கை மூன்றும் கேட்கும் வேலைக்கு ஆள் எடுக்கும்போது 'எக்செல் நன்றாகத் தெரியும்' என்ற வரியை அப்படியே நம்ப வேண்டாம், கொஞ்சம் அழுக்கான ஒரு ஃபைலைக் கொடுத்துப் பாருங்கள். ஒரு ஷீட்டில் 200 வரி விற்பனை, இன்னொன்றில் பொருள் குறியீடும் பெயரும் விலையும். விற்பனை ஷீட்டில் குறியீடு எண்ணாக இருக்கட்டும், விலைப்பட்டியலில் அதே குறியீட்டை டெக்ஸ்டாக வையுங்கள். விலையைக் கொண்டுவரச் சொன்னால் பெரும்பாலும் இதைத்தான் எழுதுவார்கள்:

```
=VLOOKUP(A2,Sheet2!A:C,3,FALSE)
```

ஃபார்முலா சரிதான், ஆனாலும் `#N/A` வரும். இங்கேதான் ஆள் தெரியும். பழகியவர் இரண்டு பக்கமும் எண்ணா டெக்ஸ்டா என்று பார்த்து, ஒன்றை மாற்றிவிடுவார், பழகாதவர் ஃபார்முலாவையே திரும்பத் திரும்ப அடிப்பார். கடைசியில் `FALSE` போடாமல் விடுபவரிடம் அது ஏன் வேண்டும் என்று கேளுங்கள், அது இல்லாவிட்டால் தவறான விலை சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துவிடலாம்.

அப்புறம் கிளைவாரியாக, மாதவாரியாக விற்பனைத் தொகையை பிவட்டில் கேளுங்கள். தொகைப் பத்தியில் ஒரே ஒரு செல்லில் 'இல்லை' என்று எழுதி வைத்திருந்தால் போதும், பிவட் கூட்டாமல் எண்ணிக்கை காட்டும், அதைக் கவனிக்கிறாரா பாருங்கள். முடித்ததும் மூல ஷீட்டில் ஒரு தொகையை நீங்களே மாற்றுங்கள். பெரும்பாலான எக்செல் பதிப்புகளில் பிவட் தானாக மாறாது, `Refresh` கொடுக்க வேண்டும் என்று உடனே சொல்பவர் மாதாமாதம் அறிக்கை போட்டுப் பழகியவராக இருக்க வாய்ப்பு அதிகம்.