தணிக்கையில் தானியங்கிக் கட்டுப்பாட்டைச் சோதிக்க 25 சாம்பிள் வேண்டாம்
கொள்முதல் ஆர்டர், சரக்கு வரவுச் சீட்டு, பில் மூன்றையும் மென்பொருளே ஒப்பிட்டு, பொருந்தாததைத் தானாக நிறுத்துகிறதா? அப்படியென்றால் 25 பில்களை இழுக்காமல், அனுமதித்த வித்தியாசம் எத்தனை சதவீதம் என்ற செட்டிங்கைப் பாருங்கள் (அதை 50 என்று வைத்திருந்தால் வடிவமைப்பே தோல்வி, மேற்கொண்டு சோதிக்க ஒன்றுமில்லை), அப்புறம் பொருந்தும் பில் ஒன்று, பொருந்தாத பில் ஒன்று போட்டுப் பார்த்தால் போதும். நிரலும் செட்டிங்கும் மாறாதவரை மென்பொருள் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரிதான் நடக்கும், மனிதரைப் போல மார்ச்சில் அசந்துபோகாது.

ஆனால் செட்டிங்கை யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்றிருந்தால், மாற்றத்துக்கு ஒப்புதல் பதிவே இல்லையென்றால், இந்தச் சுருக்கச் சோதனை செல்லாது. நின்ற பில்லை ஒருவர் கையால் விடுவிக்கிறாரா? அது மனிதக் கட்டுப்பாடு, அதற்கு ஆண்டு முழுவதிலிருந்தும் சாம்பிள் எடுத்தே ஆகவேண்டும்.